தீராத முறைப்பாட்டை மேலிடத்துக்குக் கொண்டு செல்லுதல்: கமக்காரர் குறிப்பிட வேண்டிய திகதிகளும் இலக்கங்களும்

வயல் வாய்க்காலை அயற்காணிக்காரர் உழுது மூடிவிட்டார் என்னும் முறைப்பாடு விதைப்புக்கு முன்னர் தீராவிடின், அந்தப் போகத்தில் அது பெரும்பாலும் தீர்வதேயில்லை. இதற்குக் காரணம் உத்தியோகத்தரின் அசட்டை மாத்திரமன்று. மூடப்பட்ட இடத்தில் நெல் முளைத்துவிட்டால், நிற்கும் பயிரை வெட்டி வாய்க்காலைத் திறக்குமாறு கட்டளையிட எவரும் தயங்குவர். வயலில் நீர் கட்டிய பின் மண்வெட்டும் யந்திரமும் இறங்க மாட்டாது. எனவே, "அறுவடை முடியட்டும், பார்ப்போம்" என்று சொல்லப்படும். கடைமடை வயற்காரரோ மழை ஓய்ந்த ஜனவரியில், கதிர் பறியும் சமயத்தில், குளத்தில் நீர் இருந்தும் வயலுக்குப் பாயாத நிலையைக் காண்பார்.

ஆதலின், முறைப்பாடு செய்த கமக்காரர் எத்தனை நாள் பொறுத்திருக்கலாம் என்பதைத் தமது பொறுமையைக் கொண்டோ உத்தியோகத்தரின் நற்சொல்லைக் கொண்டோ தீர்மானித்தலாகாது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் குறிக்கப்பட்ட விதைப்புத் திகதியைக் கொண்டே அதனைத் தீர்மானித்தல் வேண்டும். அத்திகதியிலிருந்து பின்னோக்கி நாட்களை எண்ணும் முறையும், மேலிடத்துக்கு எழுதும்போது எவ்வெத் திகதிகளையும் இலக்கங்களையும் குறிப்பிட வேண்டும் என்பதும் கீழே விளக்கப்படுகின்றன.

முதலில் எந்த அலுவலகம் என்பதை அறிதல்

மேலிடம் என்பது முதலில் முறையிட்ட அலுவலகத்துக்கு மேலுள்ள இடமாகும். முதலாவது இடம் பிழைத்தால் அதன் மேலிடமும் பிழைத்ததேயாகும். 80 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர், அல்லது அதற்குக் குறைந்த வயல்களுக்கு நீர் பாய்ச்சும் குளங்கள் சிறு குளங்கள் எனப்படும். இவற்றையும் இவற்றின் வாய்க்கால்களையும் கமநல அபிவிருத்தித் திணைக்களம் கவனிக்கின்றது. இக்குளங்களின் கீழுள்ளோர் தம் பகுதிக் கமநல சேவை நிலையத்திலே முறையிடல் வேண்டும். பெரிய, நடுத்தரக் குளங்களின் வாய்க்கால்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தைச் சார்ந்தவை. அவற்றுட் சில மாகாணத் திணைக்களத்தின் கீழும் சில மத்திய திணைக்களத்தின் கீழும் உள்ளன. மகாவலிக் குடியேற்றப் பகுதிகளுக்கு மகாவலி அதிகார சபையின் அலுவலகம் உண்டு. குளம் எதன் பொறுப்பில் உள்ளதென்பதைக் கமக்காரர் அமைப்பின் செயலாளர் அறிந்திருப்பார்.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கேயே தெளிந்துகொள்ளல் வேண்டும். இருந்துவந்த வாய்க்கால் மூடப்பட்டதா, அன்றேல் அந்த நிலத்துண்டு யாருக்குச் சொந்தம் என்பதே பிணக்கா? முன்னையதை, 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்க் கமநல உத்தியோகத்தர் விசாரிக்கலாம். பின்னையது உறுதியும் எல்லையும் பற்றியது. அதனைக் கமநல நிலையம் தீர்க்க இயலாது. மத்தியஸ்த சபையோ நீதிமன்றமோதான் அதற்குரிய இடமாகும். "அவர் என் காணியைப் பிடித்தார், வாய்க்காலையும் மூடினார்" என்று இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதுவோர் பலர். அவ்வாறு எழுதப்பட்ட கடிதம் காணிப் பிணக்கு எனக் கருதப்பட்டு ஒதுக்கி வைக்கப்படுதல் வழக்கம். வாய்க்காலைப் பற்றி மட்டுமே எழுதுங்கள்.

எந்நாளில் மேலே செல்வது

விதைப்பு ஒக்டோபர் 20 ஆம் திகதி தொடங்கும் எனக் கொள்வோம். வாய்க்காலைத் திறக்கும் வேலைக்கு ஒரு வாரம் வேண்டும். மாவட்ட அலுவலகம் கடிதத்தைப் பெற்று, கோப்பை வரவழைத்து, ஆளை அனுப்ப ஒரு வாரமேனும் செல்லும். ஆகவே ஒக்டோபர் 6 ஆம், 7 ஆம் திகதிகளுக்குப் பின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுவதால் அந்தப் போகத்துக்குப் பிரயோசனம் குறைவு. முதல் முறைப்பாடு கமநல நிலையத்துக்குச் செப்டெம்பர் முதல் வாரத்திலேயே எழுத்தில் சென்றிருத்தல் வேண்டும். அப்பொழுதுதான் நிலையத்துக்கு ஒரு மாத அவகாசம் கொடுத்ததாகும். அந்த அவகாசத்தைக் கொடாது மேலே சென்றால் மாவட்ட அலுவலகம் கடிதத்தை நிலையத்துக்கே திருப்பி அனுப்பும்.

இவ்வெல்லைக்குள் மேலே செல்ல வேண்டிய தருணத்தைக் காட்டும் அடையாளங்கள் மூன்று உண்டு. உத்தியோகத்தர் தாமே எழுத்திற் குறித்த தவணை கழிந்தும் வேலை நடவாதிருத்தல் முதலாவது. இதுவே மிகப் பலமானது, ஏனெனில் இங்கே நாம் குறை கூறவேண்டிய அவசியமில்லை. அவருடைய கடிதமே பேசும். முறைப்பாடு ஏற்கப்பட்டு இரண்டு வாரமாகியும் இடத்தைப் பார்க்க எவரும் வராதிருத்தல் இரண்டாவது. தமக்கு அதிகாரம் இல்லையென நிலையமே சொல்லுதல் மூன்றாவது. மூன்றாவது நேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். ஆயின் அச்சொல்லை எழுத்திற் கேட்டு வாங்குங்கள்.

உத்தியோகத்தர் ஒரு தவணை கொடுத்து அது இன்னும் கழியாதிருக்கையில் மேலே எழுதுதல் தகாது. அது அவரைப் பகைப்பதற்கே உதவும். தவணை அடுத்த வாரம் முடிகின்றதெனின் அடுத்த வாரம் வரை காத்திருங்கள். விதைப்புத் திகதியைத் தாண்டிய தவணையாயின் மட்டும், "இத்தவணை விதைப்புக்குப் பின் வருகின்றது, முற்படுத்தித் தருக" என உடனே நிலையத்துக்கு எழுதுதல் வேண்டும்.

இலக்கங்கள் எல்லாம் ஒன்றல்ல

அலுவலகத்திற் கொடுத்த ஒரு கடிதம் பல இலக்கங்களைப் பெறுகின்றது. இவற்றின் வேறுபாடு அறியாமையினாலேயே கமக்காரர் பலர் தம் முறைப்பாடு காணாமற் போனதென எண்ணுகின்றனர்.

கடிதம் கிடைத்த அன்று, வந்த கடிதங்களைப் பதியும் புத்தகத்தில் அதற்கு ஒரு வரவு இலக்கமும் திகதி முத்திரையும் இடப்படும். இது அந்த நாளில் அக்கடிதம் அலுவலகத்துக்கு வந்ததென்பதற்குச் சான்று. கடிதத்தை இரண்டு பிரதிகளாகக் கொண்டு சென்று, ஒன்றைக் கொடுத்து மற்றதில் முத்திரையும் வரவு இலக்கமும் இடுவித்து வாங்கி வருதல் வேண்டும். கடிதம் கோப்பிற் சேர்க்கப்பட்டதும், அந்தக் கோப்பின் இலக்கம் வேறாக உண்டு. அலுவலகம் உங்களுக்கு எழுதும் கடிதத்தின் தலைப்பில் "எனது இல." என்று காணப்படுவது அதுவே. அதன் அருகே "உமது இல." என்னும் இடம் வெறுமையாக இருக்கும். நீங்கள் பதில் எழுதும்போது, அவர்களுடைய "எனது இல." என்பதில் உள்ளதை எழுத்தும் கோடும் பிசகாமல் உங்கள் கடிதத்தில் "உமது இல." என்று எழுதல் வேண்டும். அங்ஙனம் எழுதப்பட்ட கடிதம் நேரே பழைய கோப்புக்குச் செல்லும். எழுதாவிடின் அது புதிய முறைப்பாடாகக் கொள்ளப்பட்டு, புதிய இலக்கம் பெற்று, நாள் எண்ணிக்கையும் புதிதாகவே தொடங்கும். ஒரு வாய்க்காலுக்காக நான்கு கோப்புகள் திறக்கப்பட்டு, ஒன்றும் மற்றதை அறியாமற் கிடத்தல் இவ்வாறே நேர்கின்றது.

பதிவுத் தபாற் பற்றுச்சீட்டின் இலக்கத்தைப் பெரிய ஆதாரமாக எண்ணுவோர் உளர். அது கடிதம் தபாற் கந்தோரில் கொடுக்கப்பட்டதை மாத்திரம் காட்டும். கோப்பைத் தேடுவதற்கு அது உதவாது. கோப்பு இலக்கம் கிடைக்கும் வரையில் அதனைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னர் கடிதத்தில் அதனை எழுத வேண்டியதில்லை.

கோப்பு இலக்கம், முதல் முறைப்பாட்டின் திகதியும் வரவு இலக்கமும், இடத்தைப் பார்வையிட்ட திகதி, தவறிய தவணைத் திகதி ஆகிய நான்குமே மேலிடத்துக்கு வேண்டுவன. இவற்றுடன் உங்கள் வயலின் விவசாயக் காணிப் பதிவேட்டு விபரம், குளத்தின் பெயர், விதைப்புத் திகதி என்பன இருந்தாற் போதும். எத்தனை முறை நடந்தீர்கள், தொலைபேசியில் யார் என்ன சொன்னார் என்பவற்றை எழுதுதல் கடிதத்தை நீட்டுமேயன்றி வலுப்படுத்தாது. வாய்ச்சொல்லாகக் கிடைத்த வாக்குறுதி முக்கியமானதாயின், அன்றே, "இன்று தங்களைக் கண்டபோது 5 ஆம் திகதிக்கு முன் திறப்பிப்பதாகக் கூறினீர்கள்" என்று இரண்டு வரி எழுதி, முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். அதன் பின் அது வாய்ச்சொல் அன்று.

உத்தியோகத்தரின் பெயரை எழுதுவதிலும் பதவியை எழுதுவதே நன்று. இடமாற்றம் வந்தால் ஆள் போய்விடுவார், கோப்பு அங்கேயே இருக்கும்.

ஓர் உதாரணம்

சிறு குளமொன்றின் கீழ் 2 ஏக்கர் செய்யும் கமக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் திகதிகளும் இலக்கங்களும் விளக்கத்துக்காகவே கொடுக்கப்படுகின்றன. ஓகஸ்ட் 28 ஆம் திகதி, தம் வயலுக்கு வரும் 3 அடி அகல வாய்க்கால் 120 அடி நீளத்துக்கு உழவு யந்திரத்தால் மூடப்பட்டிருத்தலை இவர் கண்டார். இரண்டு நாளில் கமக்காரர் அமைப்பின் செயலாளருக்குச் சொன்னார். செயலாளர் பேசியும் பயன் இல்லை. செப்டெம்பர் 4 ஆம் திகதி கமநல நிலையத்தில் எழுத்தில் முறையிட்டு, வரவு இலக்கம் 412 என முத்திரை பெற்றார். 16 ஆம் திகதி உத்தியோகத்தர் வந்து அளந்தார். 24 ஆம் திகதி இருவருக்கும் கடிதம் வந்தது. அதில் ஒக்டோபர் 5 ஆம் திகதிக்கு முன் வாய்க்காலை முன்போலத் திறந்துவிடும்படி அயற்காணிக்காரருக்குக் கூறப்பட்டிருந்தது. கடிதத்தின் தலைப்பில் "எனது இல. கந/நீர்/7/31" என்று இருந்தது. 27 ஆம் திகதி நடந்த பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், வாய்க்கால் துப்புரவு ஒக்டோபர் 8 ஆம் திகதிக்கு முன் முடிய வேண்டும் எனவும், விதைப்பு 20 ஆம் திகதி தொடங்கும் எனவும் தீர்மானிக்கப்பட்டது.

ஒக்டோபர் 5 ஆம் திகதி கழிந்தது, வாய்க்கால் திறக்கப்படவில்லை. இவர் 6 ஆம் திகதி நிலையத்துக்குச் சென்று, தவணை நீட்டப்பட்டதா என்று மட்டும் விசாரித்தார். இவ்விசாரணை அவசியம். நமக்குத் தெரியாமல் தவணை நீட்டப்பட்டிருப்பின், நம் கடிதத்தின் அடிப்படையே போய்விடும். நீட்டப்படவில்லை என அறிந்ததும், 7 ஆம் திகதி மாவட்ட உதவி ஆணையாளருக்கு இவ்வாறு எழுதினார்:

"கமநல அபிவிருத்தி உதவி ஆணையாளர் அவர்கட்கு. ஐயா, கமநல சேவை நிலையத்தின் கந/நீர்/7/31 ஆம் இலக்கக் கோப்பு: வயல் வாய்க்கால் மூடப்பட்டமை. மேற்படி விடயமாக நான் 4.9 ஆந் திகதி நிலையத்துக்குச் செய்த முறைப்பாடு 412 ஆம் வரவு இலக்கத்திற் பதியப்பட்டது. உத்தியோகத்தர் 16.9 இல் இடத்தைப் பார்வையிட்டார். 24.9 ஆந் திகதிக் கடிதத்தில் 5.10 க்கு முன் வாய்க்காலைத் திறக்குமாறு அறிவிக்கப்பட்டது. இன்றுவரை திறக்கப்படவில்லை. தவணை நீட்டப்படவுமில்லை. 27.9 ஆந் திகதிப் பயிர்ச்செய்கைக் கூட்டத் தீர்மானப்படி விதைப்பு 20.10 இல் ஆரம்பமாகும். மூடிய இடமும் அன்று விதைக்கப்படுமாதலின், அதற்கு முன்னர் வாய்க்காலைத் திறப்பிப்பதற்கு வேண்டிய கட்டளையைப் பிறப்பிக்குமாறு வேண்டுகின்றேன். கடிதங்களின் பிரதிகள் இணைக்கப்பட்டுள்ளன. பிரதி: கமநல அபிவிருத்தி உத்தியோகத்தர், தகவலுக்காக."

இக்கடிதத்தில் உத்தியோகத்தரைக் குறைகூறும் சொல் ஒன்றேனும் இல்லை என்பதையும், கேட்கப்பட்டது ஒரே ஒரு காரியம் என்பதையும் நோக்குக. "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்திருந்தால், விளக்கம் கோரி நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுவதும் தகுந்த நடவடிக்கையாகிவிடும். நிலையத்துக்குப் பிரதி அனுப்பியதும் மரியாதைக்காக மாத்திரமன்று. மாவட்டத்திலிருந்து கோப்பைக் கேட்குமுன் பல இடங்களில் வேலை நடந்துவிடுவதுண்டு.

மூலப் பத்திரங்களை ஒருபோதும் இணைத்தல் கூடாது. பிரதிகளையே இணைத்தல் வேண்டும். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். தமிழில் எழுதியோருக்குத் தமிழிற் பதில் பெறும் உரிமையும் உண்டு.

மாவட்டத்திலிருந்தும் பதில் வராவிடின்

ஒரு வாரத்தில் பதில் வராவிடின் மாவட்ட அலுவலகத்துக்கு நேரிற் சென்று, அங்கு இப்பொழுது கொடுக்கப்பட்டிருக்கும் கோப்பு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த படியாகிய ஆணையாளர் நாயகத்துக்கு எழுதும்போது இவ்விலக்கமே முதலிலும் நிலையத்தின் இலக்கம் அதன் பின்னும் வரல் வேண்டும். படியேறுந்தோறும் மேலுள்ள அலுவலகத்தின் இலக்கம் முன்வரும். முதல் முறைப்பாட்டின் திகதி மட்டும் எப்பொழுதும் மாறாது நிற்கும்.

அமைச்சருக்கும் ஜனாதிபதிக்கும் ஒரே நாளில் எழுதிவிடுவோர் உளர். அக்கடிதங்கள் "வேண்டிய நடவடிக்கைக்காக" என்னும் குறிப்புடன் படிப்படியாக இறங்கி, கமநல நிலையத்தின் அதே மேசைக்கு வந்து சேரும். அதற்குள் நெல் குடலைப் பருவம் அடைந்திருக்கும். இடையில் மாவட்ட அலுவலகமும், மேலிடத்திலிருந்து பணிப்பு வரட்டும் எனக் கையைக் கட்டியிருக்கும்.

உத்தியோகத்தர் அளந்து எழுதிய அறிக்கை நம் கையில் இல்லாதிருத்தலே பலருக்கு உள்ள இடர். இதனையும் கூட்ட அறிக்கையின் பிரதியையும், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டுப் பெறலாம். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கேட்டால், தகவல் அலுவலர் அதனை எழுதிக்கொள்ளல் வேண்டும். கொடுப்பதா என்னும் தீர்மானத்துக்கு 14 வேலை நாட்கள் வரை செல்லலாம். தீர்மானித்துக் கட்டணம் செலுத்தியபின் தகவலைக் கொடுக்க மேலும் 14 நாட்கள் வரை செல்லலாம். ஆகவே பார்வையிட்ட மறுநாளே விண்ணப்பிப்பவருக்கே அது அப்போகத்தில் உதவும். பதில் மறுக்கப்பட்டால், அல்லது காலம் கடந்தால், 14 நாட்களுக்குள் அவ்வலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவர் 3 வாரத்துக்குள் தீர்மானித்தல் வேண்டும். அதன் பின் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு உண்டு. இவ்வழி தகவலைப் பெற்றுத் தருமேயன்றி வாய்க்காலைத் திறவாது. முறைப்பாட்டுக்குப் பதிலாக இதனைக் கொள்ளற்க.

உத்தியோகத்தர் கடமையைச் செய்யாமையே குறையாயின், நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளருக்கு, அதாவது ஓம்புட்ஸ்மனுக்கு, நேரே எழுதலாம். அயற்காணிக்காரரின் செயல் அவருக்குரிய விடயமன்று. அங்கே, "4.9 இல் முறையிட்டேன், 7.10 இல் மேலிடத்துக்கு எழுதினேன், இரண்டுக்கும் முடிவு இல்லை" என்பதை இலக்கங்களுடன் காட்டினால் போதும். இவ்வழிக்குக் காலம் செல்லும். அடுத்த போகத்துக்கென்றே கருதிச் செய்ய வேண்டியது இது.

விதைப்பு நடந்துவிட்டதாயின்

மூடிய இடத்தில் பயிர் முளைத்துவிட்டதெனின், கேட்கும் காரியத்தை மாற்றல் வேண்டும். அறுவடை முடிந்தவுடன் வாய்க்காலைத் திறப்பதற்கு ஒரு திகதியை இப்பொழுதே எழுத்திற் குறித்துத் தருமாறும், இப்போகத்துக்கு வேறொரு மடையால் நீர் பெற ஒழுங்கு செய்யுமாறும், பழைய கோப்பு இலக்கத்தைக் காட்டி எழுதுங்கள். 3½ மாத நெல் விதைத்து ஏறத்தாழ 75 ஆம் நாளில் பூக்கும். அப்பொழுது வயல் காய்ந்தால் பதர் மிகும். எனவே 60 ஆம் நாளுக்கு முன் அந்த மடை ஒழுங்காகிவிடல் வேண்டும். நவெம்பர் முதலாந் திகதி விதைத்தவருக்கு அது டிசெம்பர் 31 ஆகும். அத்திகதியைக் கடிதத்திற் குறிப்பிடுங்கள். வயலில் நீர் இல்லாத நாட்களையும் காய்ந்த பாத்திகளின் அளவையும் ஒரு கொப்பியில் எழுதி, கிராம உத்தியோகத்தரையோ விவசாயப் போதனாசிரியரையோ அழைத்துக் காட்டி வையுங்கள். நட்டம் பற்றிய பேச்சு எழும்போது இக்குறிப்பே தேவைப்படும்.

காய்கறித் தோட்டக்காரருக்கு

தோட்டக்காரரின் முறைப்பாடு பெரும்பாலும் மருந்தையும் விதையையும் பற்றியது. இங்கே கோப்பு இலக்கத்துக்கு முன், பொருளின் மேலுள்ள இலக்கங்களே வேண்டும். பூச்சிமருந்துப் போத்தலின் சிட்டையில் உள்ள பதிவு இலக்கம், தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி என்பவற்றையும், விதைப் பொதியின் தொகுதி இலக்கத்தையும், கடைப் பற்றுச்சீட்டின் இலக்கத்தையும் தெளித்த அல்லது விதைத்த அன்றே கொப்பியில் எழுதிவைத்தல் நன்று. இலை கருகிய பின் போத்தலைத் தேடினால் அது எறியப்பட்டிருக்கும். விற்றவர் மாற்றிக் கொடுக்க மறுத்தால், எழுத்தில் முறையிட்ட திகதியைக் குறித்துக்கொண்டு, விவசாயப் போதனாசிரியரின் பார்வையுடன், மருந்தாயின் பீடைகொல்லிப் பதிவாளருக்கும், விதையாயின் விதை அத்தாட்சிப்படுத்தற் சேவைக்கும் எழுதலாம். பொதியில் மீந்த விதையை ஒரு பிடியேனும் அதே பொதியிலேயே வைத்திருங்கள். வேறு பொதிக்கு மாற்றிய விதையைச் சோதனைக்கு ஏற்பதில் ஐயம் எழும். ஒரே தொகுதி இலக்கமுள்ள பொருளால் அயலிலுள்ள வேறு தோட்டக்காரருக்கும் நட்டம் நேர்ந்திருப்பின், அவரும் தம் பெயரில் தனிக் கடிதமே எழுதல் வேண்டும். பலர் கையொப்பமிட்ட ஒரே மனுவில், ஒவ்வொருவரின் பற்றுச்சீட்டு இலக்கமும் தெளித்த திகதியும் எங்கே உள்ளன என்று தேடுவதிலேயே விசாரணை நின்றுவிடும்.